40 நிமிடத் தமிழ்ப் பாடவேளை: பாடக்குறிப்பில் நேரத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள்?

தெம்பனீஸ் மலர்

எல்லாருக்கும் வணக்கம். நான் தொடக்கநிலை 3-க்குத் தமிழ் எடுக்கிறேன். ஆசிரியையாகி இது இரண்டாம் வருடம். எங்கள் பள்ளியில் இந்த வருடம் வாரத்தில் இரண்டு நாள் தமிழ்ப் பாடவேளை 40 நிமிடம். 18 பிள்ளைகள். நான்கு வகுப்புகளிலிருந்து கிளம்பித் தமிழ் அறைக்கு வருவார்கள்.

என் பாடக்குறிப்பில் வழக்கமாக அறிமுகம் 5, கற்பித்தல் 15, பயிற்சி 15, முடிவு 5 என்று எழுதுவேன். தாளில் பார்த்தால் கணக்கு சரியாக இருக்கும், வகுப்பில் ஒரு நாளும் சரியாக வந்ததில்லை.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அஃறிணைப் பன்மைக்கு வினைமுற்று எப்படி வரும் என்பது பாடம். படம் காட்டி விளக்கினேன். "புரிந்ததா?" என்று கேட்டேன். "புரிஞ்சது டீச்சர்!" என்று 18 பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். மறுநாள் பயிற்சி நூல்களைத் திருத்தினால் 11 நூல்களில் "பூனைகள் ஓடினார்கள்", "மரங்கள் விழுந்தது". அன்று பாடத்தின் நடுவில் திரை அணைந்து 6 நிமிடம் போனது. என்ன செய்வதென்று தெரியாமல் பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதச் சொன்னேன். அதுதான் மனதை உறுத்துகிறது.

புரிந்ததா என்று பாடத்தின் நடுவிலேயே உண்மையாகத் தெரிந்துகொள்ளவும், ஏதாவது தடைபட்டால் கையில் ஒரு மாற்று நடவடிக்கை இருக்கவும் பாடக்குறிப்பை எப்படி எழுதுவது? உங்கள் அமைப்பைப் பகிர முடியுமா?

ஈசூன் வாசு

மலர், 15 நிமிடக் கற்பித்தல் இந்த வயதுக்கு அதிகம். 10 ஆகக் குறையுங்கள், மிச்சத்தைப் பயிற்சிக்குக் கொடுங்கள். "புரிந்ததா" என்று மொத்தமாகக் கேட்கவே கூடாது. பெயர் சொல்லி ஐந்து பேரைக் கேட்டால் போதும், வகுப்பின் நிலை தெரிந்துவிடும். நேரமில்லை என்றால் கட்டைவிரலை மேலே, நடுவில், கீழே காட்டச் சொல்லுங்கள்.

மாற்று நடவடிக்கைக்கு நான் சொல் தேடல் கட்டத்தாள்களைப் பிரதி எடுத்து அலமாரியில் ஒரு கட்டு வைத்திருக்கிறேன். திரை அணைந்தால் உடனே கொடுத்துவிடுவேன். பிள்ளைகள் சத்தமில்லாமல் செய்வார்கள்.

கரும்பலகை

மலர், உங்கள் குறிப்பில் இருக்கும் முதல் தவறு மணி அடித்த நொடியிலிருந்து எண்ணியது. நான்கு வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் கடைசிப் பிள்ளை உட்காரும்போது நான்கு நிமிடம் போயிருக்கும். முடிவில் பையை எடுத்து வரிசையில் நிற்க இரண்டு நிமிடம். ஆக உங்கள் கையில் இருப்பது 34. நான் 22 வருடமாகத் தொடக்கப்பள்ளியில் இருக்கிறேன், 40 என்று அட்டவணை சொன்னாலும் 34-க்குத்தான் எழுதுவேன்.

வாசு சொன்னதில் கற்பித்தலைக் குறைப்பதும் பெயர் சொல்லிக் கேட்பதும் நல்ல யோசனைகள். ஆனால் ஐந்து பேரைக் கேட்டால் ஐந்து பேரைப் பற்றித்தான் தெரியும். மற்ற 13 பேர்? நாம் கூப்பிடும் ஐந்து பேரும் பெரும்பாலும் பதில் சொல்லக்கூடியவர்களாகவே அமைந்துவிடுகிறார்கள், நம்மை அறியாமலே. கட்டைவிரல் சைகை பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதைக் காட்டும். "மரங்கள் விழுந்தது" என்று எழுதப்போகிற பிள்ளைக்கும் தனக்குப் புரிந்துவிட்டது என்ற நம்பிக்கைதான் இருக்கும்.

உங்கள் 11 நூல்களுக்குத் திரும்புகிறேன். அதில் இருப்பது ஒரு பிழையல்ல, இரண்டு. "விழுந்தது" என்று எழுதும் பிள்ளை வீட்டில் தமிழ் கேட்கிற பிள்ளையாக இருக்கும். நம் பேச்சில் மாடும் மேயுது, மாடுங்களும் மேயுது. அஃறிணைப் பன்மைக்குத் தனி வினைமுடிவு பேச்சில் இல்லவே இல்லை, காதில் விழாததைக் கை எப்படி எழுதும்? "ஓடினார்கள்" என்று எழுதும் பிள்ளையின் கதை வேறு. அது விதியைப் பிடித்திருக்கிறது, ஆனால் பாதி விதி. பெயரில் "கள்" இருந்தால் வினையிலும் "கள்" வர வேண்டும் என்று தானே முடிவுகட்டிக்கொண்டது. முதல் பிள்ளைக்கு எழுத்துத் தமிழின் ஓசையைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். இரண்டாம் பிள்ளைக்கு உயர்திணையா அஃறிணையா என்று முதலில் பார்க்கும் பழக்கம் வேண்டும். இருவருக்கும் ஒரே விளக்கத்தை இன்னொரு முறை சொன்னால் இருவருக்கும் பயன்படாது.

அதனால் நடுவில் கேட்கும் கேள்வியை முதல் நாளே யோசித்துக் குறிப்பில் எழுதி வைக்க வேண்டும். எந்தத் தவறான விடையைத் தேர்ந்தாலும் அது ஏன் என்று நமக்குத் தெரிய வேண்டும். இப்படி:

வயலில் மாடுகள் புல் ______.
1 மேய்ந்தது
2 மேய்ந்தன
3 மேய்ந்தார்கள்

பத்து நொடி யோசிக்கட்டும். விடை எண்ணை விரல்களால் நெஞ்சோடு ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள், பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது. சிறு வெண்பலகை இருந்தால் அதில் எழுதலாம், ஆனால் பேனா காய்ந்துவிட்டது, துடைக்கத் துணி இல்லை என்று இரண்டு நிமிடம் போகும். விரலே போதும். முன்னால் நின்று ஒரு பார்வையில் எண்ணிவிடலாம்.

எண்ணிய பிறகு என்ன செய்வீர்கள் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். என் குறிப்பில் 18 பேருக்கு இப்படி இருக்கும்: தவறு 3 பேர் வரை என்றால் பயிற்சிக்குப் போகலாம், அந்த மூவரை என் மேசைக்கு அழைத்துக்கொள்வேன். 4 முதல் 9 என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்லிப் பேச ஒரு நிமிடம், பிறகு அதே கேள்வி. 9-க்கு மேல் என்றால் பயிற்சி கிடையாது, வேறு வழியில் மறுபடி கற்பிப்பேன். இந்த எண்கள் நானாக வைத்துக்கொண்டவை. உங்களுக்கு வேறாக இருக்கலாம், ஆனால் வகுப்புக்குள் போகும் முன்பே எழுதியிருக்க வேண்டும். வகுப்பில் நின்றுகொண்டு முடிவெடுத்தால் நேரம் போகிற பயத்தில் எல்லாருமே "மேலே போகலாம்" என்றுதான் முடிவெடுப்போம்.

நிலாவின் அம்மா

மன்னிக்கவும், நான் ஆசிரியை இல்லை. என் மகள் தொடக்கநிலை 2. வீட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்க 40 நிமிடம் திட்டம் போடலாமா என்று தேடி இங்கு வந்தேன். அவள் 15 நிமிடத்துக்கு மேல் உட்காருவதில்லை. மீதி 25 நிமிடத்துக்கு என்ன செய்வது?

கரும்பலகை

நீங்கள் வந்ததில் தவறே இல்லை அம்மா. ஆனால் நாங்கள் பேசுவது பதினெட்டு பிள்ளைகள் இருக்கும் வகுப்பறைக் கணக்கு. வீட்டில் 40 நிமிடம் தேவையே இல்லை. ஒரே பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து 15 நிமிடம் சொல்லிக்கொடுத்தால் அவள் பேசும் நேரம் எங்கள் வகுப்பில் கிடைப்பதை விட அதிகம். அதோடு நிறுத்திவிடுங்கள். உணவங்காடி நிலையத்துக்குப் போகும்போது மேசைக்கு வரும் மைனாக்களைக் காட்டி "மைனா வந்தது, மைனாக்கள் வந்தன" என்று நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள். மேலே சொன்ன ஓசை அவள் காதில் விழ அதுவே வழி.

தெம்பனீஸ் மலர்

ஐயா, இரண்டு பிழை என்று நீங்கள் சொன்னதும் நூல்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 11-இல் 7 "தது", 4 "ஆர்கள்". நான் எல்லாவற்றிலும் சிவப்பு மையில் ஒரே விடையை எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த வியாழனுக்கு அதே பாடத்தை மறுபடி எடுக்கப்போகிறேன். குறிப்பை மாற்றி எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள். பாடவேளை 11.10 முதல் 11.50 வரை.

நோக்கம்: அஃறிணைப் பன்மைப் பெயருக்கு ஏற்ற இறந்தகால வினைமுற்றை எழுதுவர்.

0–4: வந்தவுடன் வேலை. பலகையில் மூன்று படங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் சொல்ல யோசித்து வைக்க வேண்டும்.
4–8: போன பாடத்தை நினைவூட்டல். அவன், அவள், அது, அவர்கள்.
8–17: கற்பித்தல். நாய் குரைத்தது, நாய்கள் குரைத்தன. பூனை ஓடியது, பூனைகள் ஓடின. மீன் நீந்தியது, மீன்கள் நீந்தின. பறவை பறந்தது, பறவைகள் பறந்தன.
17–20: மாடுகள் கேள்வி, விரல்.
20–33: பயிற்சித்தாள், 10 வாக்கியம்.
33–37: வெளியேறும் முன் ஒரு வாக்கியம் சீட்டில் எழுதித் தருதல்.
37–40: பை எடுத்தல், வரிசை.
மாற்று: திரை அணைந்தால் படங்களை அட்டையில் காட்டுவேன்.

கரும்பலகை

நன்றாக வந்திருக்கிறது. மூன்று இடங்களில் கை வைக்கிறேன்.

முதலாவது, 8–17-இல் நீங்கள் எடுத்த வினைகள். "குரைத்தது, குரைத்தன", "பறந்தது, பறந்தன" இரண்டிலும் கடைசி "து" போய் "ன" வருகிறது. பிள்ளையின் கண்ணுக்கு அது ஒரு எழுத்து மாற்றம். "ஓடியது, ஓடின" அப்படி இல்லை. "யது" முழுவதும் போகிறது. இரண்டையும் ஒரே ஒன்பது நிமிடத்தில் கலந்தால் "ஓடியன", "ஓடினன" என்று எழுதுவார்கள். அப்போது பிள்ளைக்குத் திணை புரியவில்லையா, வினையின் வடிவம் வரவில்லையா என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. இந்தப் பாடவேளைக்கு வந்தன, பறந்தன, மேய்ந்தன, குரைத்தன, விழுந்தன, பிடித்தன போதும். ஓடின, நீந்தின, பாடின அடுத்த பாடவேளைக்கு.

இரண்டாவது, ஒரு கேள்வி போதாது. மூன்று விடையில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தொட்டாலும் மூன்றில் ஒரு பங்கு சரியாகும். அதை விட முக்கியமாக, ஒன்பது நிமிடமாக "ன, ன" என்றே கேட்ட பிள்ளை எதைக் கேட்டாலும் "ன" என்று சொல்லும், உங்கள் மாடுகள் கேள்வியில் தேறியும் விடும். அதனால் உடனே இரண்டாவதாக எதிர்ப்பக்கக் கேள்வி ஒன்று:

மாணவர்கள் திடலுக்கு ______.
1 வந்தது
2 வந்தன
3 வந்தார்கள்

இங்கே 2 காட்டுகிற பிள்ளை விதியைப் பிடிக்கவில்லை, ஓசையை மட்டும் பிடித்திருக்கிறது.

மூன்றாவது, மாற்று நடவடிக்கை. அட்டை என்பது திரைக்கு மாற்று, சரிதான். ஆனால் பாடம் சீக்கிரம் முடிந்து ஐந்து நிமிடம் மிஞ்சினால்? என் மாற்று நடவடிக்கைக்கு மூன்று நிபந்தனைகள் வைத்திருக்கிறேன்: அதே நோக்கத்துக்கே உழைக்க வேண்டும், கையில் பொருள் எதுவும் வேண்டியிருக்கக் கூடாது, எந்த நிமிடத்திலும் நிறுத்த முடிய வேண்டும். வாசுவின் சொல் தேடல் தாள் மூன்றாவதில் ஓரளவு தேறும், தாள் வேண்டும் என்பதால் இரண்டாவதில் தேறாது. முதலாவதிலும் தேறாது. எழுத்துகளைத் தேடி வட்டமிடும் பிள்ளை ஒரு வினையைக்கூட முடித்து எழுதுவதில்லை.

நான் செய்வது சங்கிலி. முதல் பிள்ளை எழுந்து "நாய் குரைத்தது" என்கிறது. அடுத்த பிள்ளை "நாய்கள் குரைத்தன" என்று மாற்றிவிட்டு, புதிதாக ஒன்று சொல்கிறது: "இலை விழுந்தது." அதற்கடுத்த பிள்ளை மாற்ற வேண்டும். நடுவில் நான் "மாணவன் வந்தான்" என்று ஒன்றை நுழைப்பேன், "மாணவர்கள் வந்தார்கள்" வருகிறதா என்று பார்க்க. இரண்டு நிமிடமும் நடத்தலாம், பத்து நிமிடமும் நடத்தலாம். சிக்கிக்கொண்ட பிள்ளை பக்கத்தில் உள்ளவரைக் கேட்டுச் சொல்லலாம், ஆனால் சொல்லாமல் உட்காரக் கூடாது.

இன்னொன்று, குறிப்பின் ஓரத்தில் நேரத்தைக் கடிகார நேரமாக எழுதுங்கள். "17–20" என்றால் வகுப்பில் நின்று கூட்டிப் பார்க்க வேண்டும். "11.27" என்றால் சுவரைப் பார்த்தாலே தெரியும்.

வார இறுதி வகுப்பு

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். நான் எடுப்பது பள்ளியில் அல்ல. தங்கள் பள்ளியில் தமிழ் இல்லாத பிள்ளைகள் வரும் நிலையத்தில். ஒரே வகுப்பில் ஏழு பள்ளிப் பிள்ளைகள். பேருந்து தாமதமானால் சிலர் 10 நிமிடம் கழித்து வருவார்கள். "வந்தவுடன் வேலை" என்று பலகையில் எழுதி வைத்தால் முதலில் வந்தவர் முடித்துவிட்டு விளையாடுவார், கடைசியில் வந்தவர் தொடங்கியிருக்க மாட்டார். நான் முதல் 10 நிமிடம் வாசிப்பு நேரமாக வைத்துவிட்டேன். ஆனால் அப்போது இலக்கணத்துக்கு நேரம் போதவில்லை. என்னுடையது 40-க்கு மேல், இருந்தும் போதவில்லை. யாராவது இப்படிச் சமாளித்திருக்கிறீர்களா?

கரும்பலகை

நிலையத்தில் நான் எடுத்ததில்லை, அதனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஒன்று முயன்று பாருங்கள். நான் கடைசியில் வைத்திருக்கும் அந்தச் சங்கிலியைப் போன வாரப் பாடத்துக்கு முதலில் வையுங்கள். வருகிறவர் வந்தபடி சங்கிலியில் சேர்ந்துகொள்ளலாம். முன்னால் வந்தவருக்கு அது பயிற்சி, பின்னால் வந்தவருக்கு நினைவூட்டல்.

ஈசூன் வாசு

சொல் தேடல் தாள் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அமைதியாக இருந்தார்கள் என்பதை வேலை நடந்ததாக எடுத்துக்கொண்டேன். எதிர்ப்பக்கக் கேள்வியும் எனக்குப் புதிது. என் வகுப்பில் நாளைக்கே கேட்கப்போகிறேன்.

இரண்டில் உடன்பாடில்லை. நான் ஒரே பாடத்தை மூன்று வகுப்புகளுக்கு மூன்று நேரத்தில் எடுக்கிறேன். கடிகார நேரம் எழுதினால் மூன்று குறிப்பு எழுத வேண்டும். எனக்கு நிமிடக் கணக்கே சரி.

அடுத்து, வெளியேறும் சீட்டு. தொடக்கநிலை 3 பிள்ளை நான்கு நிமிடத்தில் தாளில் பெயர் எழுதி, யோசித்து, தமிழில் ஒரு முழு வாக்கியம் எழுதித் தருமா? என் வகுப்பில் பாதிப் பேர் பெயரோடு நிற்பார்கள். வாய்மொழியாக வாசலில் கேட்டு அனுப்புவது மேல்.

கரும்பலகை

வாசலில் கேட்டால் முன்னால் நிற்பவர் சொன்னதைப் பின்னால் நிற்பவர் சொல்லுவார். 18 பேரைக் கேட்டு முடிப்பதற்குள் அடுத்த வகுப்பு வந்து நிற்கும். ஆனால் எழுதும் வேகம் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. அதனால் முழு வாக்கியம் எழுதச் சொல்வதில்லை. பெயரும் அச்சிட்ட வாக்கியமும் ஏற்கெனவே இருக்கும் சீட்டு, வினை மட்டும் பிள்ளை எழுத வேண்டும்: "ஆற்றில் நீர்நாய்கள் மீன்களைப் ______. (பிடி)". விடை கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள், இங்கே பிள்ளையே எழுத வேண்டும். விரல் காட்டியபோது சரியாகச் சொன்னவர் இங்கே தவறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மலர், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் குறைந்தால் எல்லாரும் சீட்டைத்தான் விடுகிறார்கள். பயிற்சித்தாளைக் குறையுங்கள், சீட்டை விடாதீர்கள். 10 வாக்கியத்தில் முதல் 4-க்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே இருப்பது எல்லாருக்கும், கீழே இருப்பது நேரம் இருந்தால்.

தெம்பனீஸ் மலர்

இன்று எடுத்துவிட்டேன். எழுதாமல் தூங்க முடியாது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசிப் பிள்ளை உட்கார்ந்தது 11.15. ஒரு நிமிடம் தாமதம். கற்பித்தல் 11.28 வரை போனது. மாடுகள் கேள்விக்கு 9 பேர் சரி. 6 பேர் "மேய்ந்தது", 3 பேர் "மேய்ந்தார்கள்". 9 பேர் தவறு என்றால் குறிப்பில் எழுதிய நடு வரிசை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொன்னேன். ஒரு மேசையில் ஒரு பையன் சொன்னது காதில் விழுந்தது: "மாடு ஆள் இல்லையே, அதுக்கு எப்படி 'ஆர்கள்' வரும்?" நான் ஒன்பது நிமிடம் சொன்னதை அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான். மறுபடி கேட்டபோது 4 பேர் மட்டும் தவறு, நாலு பேரும் "மேய்ந்தது".

பிறகு மாணவர்கள் கேள்வி. 5 பேர் "வந்தன" காட்டினார்கள். அதில் மூன்று பேர் மாடுகள் கேள்வியில் முதல் தடவையே சரியாகச் சொன்னவர்கள். அந்த இரண்டாவது கேள்வி இல்லையென்றால் அவர்களைத் தெரிந்தவர்கள் என்று விட்டிருப்பேன்.

மாடுகளில் இன்னும் தவறிய 4 பேர், இந்த 5 பேர், ஆக 9 பேரை முன்னால் அழைத்து உட்காரவைத்தேன். மற்றவர்கள் கோட்டுக்கு மேலே உள்ள நான்கைச் செய்தார்கள். முன்னால் இருந்தவர்களோடு தாள் இல்லாமல் சங்கிலி மட்டும் நடத்தினேன். "ஆள் கூட்டமா, இல்லையா?" என்று ஒவ்வொரு முறையும் முதலில் கேட்கவைத்தேன். 11.44-க்குத்தான் சீட்டுக் கொடுக்க முடிந்தது. ஒருவன் கழிப்பறைக்குப் போய்விட்டான், 17 சீட்டு கிடைத்தது. 13 "பிடித்தன". 3 "பிடித்தது". ஒன்று "பிடிந்தன". அதைத் தவறு என்று எண்ணலாமா? திணையும் பன்மையும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

கரும்பலகை

உங்கள் நோக்கத்துக்கு அது சரி. பச்சை மையில் ஒரு "த்" மட்டும் எழுதிக் கொடுங்கள். "பிடித்தது" எழுதிய மூவரும் யார்? பேசிய பிறகும் மாடுகளில் தவறிய நால்வரில் மூன்று பேரா?

தெம்பனீஸ் மலர்

இரண்டு பேர் அவர்கள்தான். மூன்றாவது பெண் வகுப்பில் இரண்டு கேள்விக்கும் சரியாகக் காட்டியவள்.

கரும்பலகை

அப்படியானால் அவள் பக்கத்துப் பிள்ளையின் விரலைப் பார்த்திருக்கலாம், அல்லது தேர்ந்தெடுக்கத் தெரிந்து எழுத வராமல் இருக்கலாம். திங்கட்கிழமை "வந்தவுடன் வேலை" நேரத்தில் அவள் பக்கத்தில் நின்று வாய்விட்டு ஒன்று சொல்லச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் சிக்கல் எழுத்தில்தான்.

ஈசூன் வாசு

நானும் இன்று கேட்டேன். 21 பேரில் 8 பேர் "மாணவர்கள் வந்தன". நான் போன வாரமே இந்தப் பாடத்தை முடித்துவிட்டதாகப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். ஓடின, நீந்தின தொடங்கும் முன் இன்னொரு பாடவேளை இதற்கே கொடுக்கலாமா, அல்லது அந்த எட்டுப் பேரை மட்டும் தனியாகப் பார்க்கலாமா?

தெம்பனீஸ் மலர்

எனக்கும் அதே கேள்விதான் வாசு. என் குறிப்பில் திங்கட்கிழமைக்கு இன்னும் எதுவும் எழுதவில்லை. அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.